பதினான்கு மணி நேரத் தறியும் எட்டு மணி நேரச் சம்பளமும்

கேள்வி: “வாரத்துக்கு 70 மணி நேரம் உழைத்தால்தான் நாடு முன்னேறும் என்கிறார்கள். குடியாத்தத்தில் என் தாத்தா ஒரு நாளைக்குப் பதினாலு மணி நேரம் தறியில் உட்கார்ந்தார். கடைசிவரை வாடகை வீடுதான். நான் எட்டு மணி நேரம்தான் வேலை பார்க்கிறேன், சொந்த வீடு கட்டிவிட்டேன். அப்படியானால் உழைக்கிற நேரத்துக்கும் வசதிக்கும் சம்பந்தமே இல்லையா? பொருளாதாரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.”

சம்பந்தம் இருக்கிறது. ஆனால் நேரத்தைக் கூட்டிப் பெறுகிற பலன் சீக்கிரமே தலையில் இடித்துவிடும் அளவுக்குத் தாழ்ந்த கூரையின் கீழ் இருக்கிறது. ஒரு மணி நேரத்தில் ஒருவர் எவ்வளவு உண்டாக்குகிறார் என்பதற்கு அப்படியொரு கூரை இதுவரை தென்படவில்லை. ஒரு நாட்டின் வாழ்க்கைத் தரம் தலைமுறைக் கணக்கில் உயர்வதற்கு இந்த இரண்டாவதே பெரும் காரணம் என்பதில் பொருளியல் படித்தவர்களிடையே அநேகமாகச் சண்டை இல்லை. அந்த உயர்வு எங்கிருந்து வருகிறது, யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பதில்தான் சண்டை. நான் வேலூரில் பல ஆண்டுகள் பொருளியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். அதற்கு முன்பே குடியாத்தத்தில் குழித்தறி ஓடிய வீட்டில் பிறந்தவன். எனவே உங்கள் தாத்தாவின் தறியிலிருந்தே தொடங்குகிறேன். அவரும் நம் ஊர் வழக்கப்படி லுங்கிதான் நெய்தார் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு மீட்டர் லுங்கி என்பது ஏறக்குறைய 79 அங்குல நீளம். அங்குலத்துக்கு 56 ஊடை, அதாவது 56 குறுக்கிழை என்று கொண்டால், ஒரு லுங்கிக்கு அந்த இழையைச் சுமந்து ஓடும் நாடா சுமார் 4,400 தடவை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மிதிகட்டையை மிதித்து, நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளைப் பிரித்து, கயிற்றை இழுத்து நாடாவை ஓட்டி, பலகையை அடித்து ஊடையைச் சேர்க்க வேண்டும். பழகிய கை, தறி தடையில்லாமல் ஓடும்போது, நிமிடத்துக்கு 50 ஊடை வரை போடும். அப்படியே ஓடினால் ஒரு லுங்கி ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் தறி அப்படி ஓடுவதில்லை. நாடாவுக்குள் ஊடை நூல் சுற்றி வைத்த தார் தீர்ந்தால் மாற்ற வேண்டும்; கட்டம் போட்ட லுங்கியென்றால் நிறம் மாறும் இடத்திலெல்லாம் நாடாவை மாற்ற வேண்டும்; பாவு இழை அறுந்தால் எழுந்து குனிந்து, அறுந்த இழையைத் தேடி முடிச்சுப் போட்டு, விழுதிலும் அச்சிலும் மறுபடி இழுக்க வேண்டும். நெய்தவை மடிமேல் சேரச் சேரச் சுருட்ட வேண்டும். எங்கள் வீட்டில் தறியின் முன் உட்கார்ந்த நேரத்தில் பாதிதான் நாடா ஓடிய நேரம் என்பது என் நினைவு. அந்தக் கணக்கில் ஒரு லுங்கிக்கு மூன்று மணி நேரம். பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் நான்கு லுங்கி.

இதே லுங்கியைச் சாதாரண விசைத்தறி ஒன்று நிமிடத்துக்கு 130 ஊடை வேகத்தில், நின்ற நேரம் போக நூற்றுக்கு எழுபது பங்கு நேரம் ஓடி நெய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு லுங்கிக்கு 48 நிமிடம். எட்டு மணி நேர ஷிப்டில் ஒரு தறிக்குப் பத்து லுங்கி. ஒருவர் ஆறு தறிகளைப் பார்த்துக்கொண்டால் அறுபது லுங்கி. கவனியுங்கள், தறியின் வேகம் மட்டும் பார்த்தால் வித்தியாசம் மூன்று மடங்குகூட இல்லை. ஒருவர் ஒரு தறியோடு கட்டுண்டு கிடக்காமல் ஆறு தறிகளுக்கு நடுவே நடக்க முடிகிறதே, அதில்தான் பெரிய தாவல் இருக்கிறது.

இங்கே ஒரு நேர்மையான திருத்தம் செய்தாக வேண்டும். தறியில் உட்கார்ந்தவரை மட்டும் எண்ணினால் கணக்குப் பொய்யாகும். எங்கள் அம்மா காலையிலிருந்து ராட்டையில் தார் சுற்றுவார். பள்ளி விட்டு வந்தால் நானும் என் தங்கையும் சுற்றுவோம். தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிற நாளில் அக்கம்பக்கத்தாரும் வந்து நிற்பார்கள். அரசாங்கக் கணக்கெடுப்பில் எங்கள் வீட்டில் “நெசவாளர் ஒருவர்” என்று எழுதியிருப்பார்கள். உண்மையில் ஒரு தறிக்குக் குறைந்தது இரண்டு பேருடைய உழைப்பு. விசைத்தறிக் கூடத்திலும் தார் சுற்றுகிறவர், பாவு பிணைக்கிறவர், ஃபிட்டர் எல்லாரும் உண்டு. தாராளமாக ஆறு தறிக்கு மூன்று பேர் என்று வைத்தாலும், ஒருவருடைய ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை லுங்கி வருகிறது. கைத்தறியில் ஒருவருடைய ஒரு மணி நேரத்துக்கு ஆறில் ஒரு பங்கு லுங்கி. வித்தியாசம் பதினைந்து மடங்கு.

இப்போது உங்கள் தாத்தாவின் பதினான்கு மணி நேரத்துக்கு வருவோம். பன்னிரண்டைப் பதினான்காக ஆக்கினால் கிடைப்பது, கை தளராமல் இருந்தால், நான்குக்குப் பதில் நான்கே முக்கால் லுங்கிகூட இல்லை. இருபத்து நான்கு மணி நேரமும் தூங்காமல் நெய்தால்கூட எட்டு. விசைத்தறிக்காரர் எட்டு மணி நேரத்தில் தன் பங்குக்கு இருபது லுங்கி போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார். நேரத்துக்குக் கூரை இருக்கிறது என்று தொடக்கத்தில் சொன்னது இதைத்தான்.

கை தளராமல் இருந்தால் என்றேன், தளரும். கூலி கட்டுப்படியாகாத ஆண்டுகளில் எங்கள் அப்பா பத்து மணி நேரத்தைப் பதின்மூன்றாக்கினார். சிம்னி விளக்கில் நெய்த துணியில் ஊடை விட்டுப்போகும், ஓரம் இழுத்துக்கொள்ளும். அவருக்குப் பாவு கொடுத்த ஜவுளிக்காரர் காலையில் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, பழுதுக்கு ஒரு தொகையைக் கூலியில் பிடித்துக்கொள்வார். கூடுதல் மூன்று மணி நேரத்தில் ஒரு பகுதி அப்படியே கரைந்தது. இது ஒரு வீட்டுக் கதை மட்டுமென்று தோன்றலாம். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் வேலை செய்தவர்களின் நலனுக்காக 1915-இல் அமைக்கப்பட்ட குழு, வாரம்தோறும் உழைத்த நேரத்தையும் உண்டான பொருளையும் பதிவு செய்து வைத்தது. அந்தப் பதிவுகளைச் சுமார் நூறு ஆண்டு கழித்து ஜான் பென்கவெல் என்ற பொருளியலாளர் எடுத்துக் கணக்கிட்டார். வாரத்துக்கு 49 மணி நேரம் வரை நேரத்துக்கு ஒத்த அளவில் உற்பத்தி கூடியது. அதற்கு மேல் கூடுகிற வேகம் குறைந்தது. 70 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தி 56 மணி நேரம் உழைத்த வாரத்தின் உற்பத்தியைவிடப் பெரிதாக அதிகமில்லை. அது ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்கிற ஆலை வேலை. அலுவலக வேலைக்கும் மருத்துவமனை வேலைக்கும் அதே 49 பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன். கூடுகிற வேகம் ஓரிடத்தில் குறையத் தொடங்கும் என்பது உறுதி. எந்த இடத்தில் என்பது வேலைக்கு வேலை மாறும்.

எங்கள் தெருவில் இன்னொன்றும் நடந்தது. அப்பா மட்டும் நேரத்தைக் கூட்டவில்லை, தெருவே கூட்டியது. லுங்கி அதிகமாகச் சந்தைக்குப் போனது, அதே சமயம் விசைத்தறி லுங்கியும் போனது, விலை ஏறவில்லை. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கினார்கள். லுங்கியும் அதில் உண்டு. ஆனால் விற்பனைக்கு வந்துவிட்ட லுங்கியைப் பார்த்து அது எந்தத் தறியில் நெய்தது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. மணிக்கு மூன்றில் ஒரு பங்கு லுங்கி போடுகிற தறி, ஆறு தறிகளில் மணிக்கு ஏழரை போடுகிற ஆளோடு விலையில் மோத வேண்டியிருந்தது. அந்த நிலையில் நேரம் கூட்டுவது ஓட்டைக் குடத்தில் வேகமாக நீர் இறைப்பதுபோல்தான்.

பதினைந்து மடங்கு நெய்த விசைத்தறித் தொழிலாளிக்குப் பதினைந்து மடங்கு கூலி வந்ததா என்றால், வரவில்லை. லுங்கியின் எண்ணிக்கை வேறு, உழைப்பு கூட்டிய மதிப்பு வேறு. லுங்கி விலையில் பெரும் பங்கு நூலுக்கும் சாயத்துக்கும் போய்விடும். அதைக் கழித்து மிஞ்சுவதுதான் நெசவு கூட்டிய மதிப்பு. அதிலும் மின்சாரம், தறியின் தேய்மானம், கடன் வட்டி கழிய வேண்டும். மிஞ்சியது மூன்று வழியாகப் பிரிகிறது. ஒரு பங்கு கூலி, ஒரு பங்கு முதலாளியின் லாபம். போட்டி கடுமையாக இருந்தால் விலை இறங்குவதால் லுங்கி வாங்குகிறவர் கைக்கு ஒரு பங்கு. மூன்றாவதைப் பலரும் கவனிப்பதில்லை. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் கூலி வேலைக்குப் போகிறவருக்கு லுங்கி இரண்டு: ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். லுங்கி நெய்கிற தெருவிலேயே அந்த நிலை. இன்று அதே வேலை பார்க்கிறவர் எத்தனை வைத்திருக்கிறார் என்று யாரும் எண்ணுவதில்லை. அவருடைய வாழ்க்கைத் தரம் உயர்ந்ததில் ஒரு துண்டு, அவர் பார்க்காத தறிக்கூடத்திலிருந்து வந்தது. ஒரு பொருளின் விலையை ரூபாயில் பார்க்காமல், அதை வாங்க எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று பார்த்தால் இது தெளிவாகும். மாணவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போடச் சொல்வேன்.

உங்கள் எட்டு மணி நேரத்துக்கும் இதே விளக்கம்தான், சற்று நீட்டிச் சொன்னால். நீங்கள் தாத்தாவைவிடத் திறமைசாலி என்றோ சுறுசுறுப்பானவர் என்றோ பொருளல்ல. நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்குப் பின்னால் மின்சாரம், இயந்திரம், சாலை, நீங்கள் படித்த ஆண்டுகள், தொலைவில் இருக்கிற வாங்குபவர்கள் எல்லாம் அடுக்கப்பட்டிருக்கின்றன; ஒவ்வொரு மணி நேரத்திலும் அவையும் சேர்ந்து வேலை செய்கின்றன. இதில் ஒரு விந்தையும் உண்டு. குடியாத்தத்தில் முடி திருத்துகிறவர் இன்றும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய அவருடைய தாத்தா வெட்டிய அளவு தலைகளையே வெட்டுகிறார். ஆனால் அவருடைய வாழ்க்கை தாத்தாவினுடையதைவிட மேல். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் ஷூ கம்பெனிகளில் வேலை கிடைக்கிறபோது, முடி திருத்தும் கூலியும் உயராவிட்டால் அந்தத் தொழிலுக்கு ஆள் வராது. மற்ற இடங்களில் உயர்ந்த உற்பத்தித் திறன், தான் உயராத தொழிலின் கூலியையும் இழுத்துக்கொண்டு போகிறது. வில்லியம் பாமோல் என்ற பொருளியலாளர் 1960-களில் இதை விளக்கினார். வெளியே போக வாய்ப்பில்லாதவர்களுக்கு இந்த இழுவை எட்டுவதில்லை. நம் பகுதியில் வீட்டுத் திண்ணையில் முறமும் கத்தரிக்கோலும் வைத்துப் பீடி சுற்றுகிற பெண்களைப் பாருங்கள். தகரத்தின்மேல் இலையை வைத்து வெட்டித் தூள் வைத்துச் சுற்றி நூல் கட்டுகிற முறை மாறவில்லை. நாளெல்லாம் சுற்றினால் ஆயிரம் பீடி என்ற அளவும் பெரிதாக மாறவில்லை. குழந்தையை விட்டு வெளியே போக முடியாததால்தான் அவர்களில் பலர் அந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்களுடைய கூலி மெல்லத்தான் நகர்கிறது.

ஒரு வீட்டிலிருந்து நாட்டுக்கு வந்தால் கணக்கு இன்னும் எளிது. தலைக்கு வருமானம் என்பது மூன்றின் பெருக்கல்: ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி, உழைப்பவர் ஒருவர் ஆண்டில் உழைக்கும் மணி நேரம், மக்கள்தொகையில் உழைப்பவர்களின் பங்கு. வாரத்துக்கு 48 மணி நேரத்தை 70 ஆக்கினால், யாரும் களைப்படையவே மாட்டார்கள் என்று வைத்துக்கொண்டாலும், ஒரே ஒரு தடவை நூற்றுக்கு 46 கூடும். அடுத்த தலைமுறைக்குக் கூட்ட ஒன்றும் மிஞ்சாது. மணி நேர உற்பத்தி ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு கூடினால் அதே 46-ஐ 19 ஆண்டில் எட்டிவிடும், யாரும் ஒரு நிமிடம்கூட அதிகம் உழைக்காமல். 35 ஆண்டில் இரட்டிக்கும், நூறு ஆண்டில் ஏழு மடங்காகும். ‘தொழிலாளி ஒருவருக்கான உற்பத்தி’ என்று செய்தித்தாளில் வருகிற எண்ணைவிட ‘ஒரு மணி நேரத்துக்கான உற்பத்தி’ நம்பத்தக்கது. முதல் எண் நேரத்தை நீட்டினாலே உயர்ந்துவிடும். அது திறனால் உயர்ந்ததா களைப்பால் உயர்ந்ததா என்று தெரியாது.

வரலாறும் இதே பக்கம்தான் சாய்கிறது. ஜெர்மனியில் 1870 வாக்கில் முழுநேரத் தொழிலாளி ஆண்டுக்கு 3,000 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார். இன்று அங்கே உழைப்பவர் ஒருவருக்குச் சராசரி 1,350 மணி நேரத்தை ஒட்டி இருக்கிறது. பகுதிநேர வேலை பெருகியதும் இந்தக் குறைவில் ஒரு காரணம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இதே காலத்தில் விலைவாசியைக் கழித்த தலைக்கு வருமானம் பத்து மடங்குக்கு மேல் உயர்ந்தது. நேரம் பாதிக்கும் கீழே போக, வருமானம் பத்து மடங்கு ஏறியிருக்கிறதென்றால் மணி நேர உற்பத்தி எவ்வளவு ஏறியிருக்க வேண்டும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். எதிர்த்தரப்புக்கு நியாயமான ஓர் எடுத்துக்காட்டு தென்கொரியா. 1980-களில் அங்கே ஆண்டுக்கு 2,500 மணி நேரத்துக்கு மேல் உழைத்தார்கள். நாடு வேகமாக வளர்ந்தது. அந்த நீண்ட நேரம் வளர்ச்சிக்கு ஒன்றும் தரவில்லை என்று நான் வாதிட மாட்டேன்; ஏழை நாடு முதலீட்டைச் சேர்க்கிற தொடக்கக் காலத்தில் அது உதவியிருக்கலாம். ஆனால் அதே நாட்டில் நேரம் இன்று 1,900-க்கும் கீழே இறங்கிவிட்டது; வருமானம் இறங்கவில்லை, பல மடங்கு ஏறியது. நேரம்தான் எஞ்சின் என்றால் இது நடந்திருக்கக் கூடாது.

நம் நாட்டுக்கு மறைந்து கிடக்கிற வாய்ப்பு வேறோரிடத்தில் இருக்கிறது. இந்தியாவில் உழைப்பவர்களில் நூற்றுக்குச் சுமார் 45 பேர் வேளாண்மையில் இருக்கிறார்கள். நாட்டின் உற்பத்தியில் வேளாண்மையின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழ். குறைந்த உற்பத்தியுள்ள வேலையிலிருந்து அதிக உற்பத்தியுள்ள வேலைக்கு ஒருவர் நகர்ந்தாலே, இரண்டு இடத்திலும் எந்த இயந்திரமும் மாறாவிட்டாலும், நாட்டின் சராசரி உயரும். தறியிலிருந்து உங்கள் வேலைக்கு உங்கள் குடும்பம் நகர்ந்தது இந்த வகை. நகர இடமில்லாமல் தறி மட்டும் நின்றுபோனால் கதை தலைகீழ். விசைத்தறிக் கூடத்தில் எஞ்சியவர்களின் உற்பத்தி உயர்ந்ததாகப் புள்ளிவிவரம் காட்டும். வேலையிழந்த நெசவாளர் அந்த வகுத்தலிலேயே இருக்க மாட்டார். எங்கள் தெருவில் சிலருக்கு அப்படித்தான் ஆனது.

இதுவரை சொன்னவற்றில் நான் உறுதியாக நிற்பேன். இனிச் சொல்வதில் அவ்வளவு உறுதியில்லை. மணி நேர உற்பத்தி ஏன் உயர்கிறது என்பதை முழுதாக விளக்கியவர் யாருமில்லை. ராபர்ட் சோலோ என்ற பொருளியலாளர் 1957-இல், அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரை மணி நேர உற்பத்தி இரட்டித்ததை ஆராய்ந்து, எட்டில் ஒரு பங்கு மட்டுமே தொழிலாளிக்குக் கூடுதலாகக் கிடைத்த இயந்திரங்களால் வந்தது, எட்டில் ஏழு பங்கு ‘தொழில்நுட்ப மாற்றம்’ என்றார். அந்த ஏழு பங்கு உண்மையில் கழித்தலில் மிஞ்சியது. அறிவு, அமைப்பு, கல்வி, அளவையில் இருந்த பிழை எல்லாம் அதற்குள் ஒளிந்திருக்கின்றன. பங்கீடும் அப்படித்தான். உற்பத்தித் திறன் உயராமல் கூலி நீண்ட காலம் உயர முடியாது என்பது ஏறக்குறைய கணிதம். உயர்ந்தால் கூலி தானாக உயரும் என்பது அப்படியல்ல. இந்தியாவின் பதிவு பெற்ற ஆலைகளில் கூட்டிய மதிப்பில் தொழிலாளர் கூலியின் பங்கு 1980-களின் தொடக்கத்தில் இருந்ததைவிட இன்று வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர் முறையா, இயந்திரமயமா, சங்கங்களின் தளர்ச்சியா, எது எவ்வளவு என்பதில் என்னுடன் பாடம் நடத்தியவர்களே ஒத்துப்போனதில்லை. ஒப்பந்த முறைக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கணிப்பு. அதைக் கணிப்பாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

அளவையிலும் ஒரு பெரிய ஓட்டை உண்டு, அது பாலாற்றங்கரையில் இருக்கிற நமக்குத் தெரியும். தோல் பதனிடும் ஆலைகள் ஒரு தொழிலாளிக்கு இவ்வளவு மதிப்பு உண்டாக்கின என்று கணக்கு எழுதும்போது, கெட்டுப்போன கிணற்று நீரும் விளைச்சல் இழந்த நிலமும் கழிக்கப்படவில்லை. வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகுதான் அந்தக் கழித்தல் ஓரளவுக்காவது ஆலைகளின் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தது.

தறிக் கணக்கில் நான் வைத்துக்கொண்ட எண்கள் எங்கள் வீட்டு நினைவும் பிற்பாடு கூடங்களில் நின்று பார்த்ததும் சேர்ந்தவை. நூல் எண்ணுக்கும் துணி வகைக்கும் ஏற்ப மாறும். உங்கள் வீட்டிலோ உறவிலோ குழித்தறி இன்னும் ஓடிக்கொண்டிருந்தால், கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு லுங்கி தொடங்கி முடிகிறவரை பாருங்கள். நாடா ஓடிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள், தார் சுற்றியவரின் நேரத்தையும் விடாமல். என்னுடைய மூன்று மணி நேரம் தவறென்று தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், கணக்கைத் திருத்திவிடுகிறேன்.